x² − 2y² = 1: சின்னத் தீர்வுக்கு நாலு வழி

இந்தச் சமன்பாட்டின் மிகச்சிறிய தீர்வு x = 3, y = 2. 9-லிருந்து 8 போனால் 1. மனக்கணக்கில் பழக்கமுள்ள யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் எதற்கு வழிகளை ஒப்பிட வேண்டும் என்று கேட்கலாம். தீர்வைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைவிடச் சின்னதாக இன்னொன்று இல்லை என்று உறுதிசெய்வது வேறு வேலை. கீழே வரும் நாலு வழிகளும் முதல் வேலையைச் சுலபமாகச் செய்துவிடும். இரண்டாவது வேலையில் சில வழிகள் சறுக்குகின்றன. 2 இருக்கும் இடத்தில் 61-ஐ வைத்தால் சறுக்கல் இன்னும் நன்றாகத் தெரியும்.

முதலில் ஒன்றைத் தீர்த்துக்கொள்வோம். முழு எண்களில் 0-வும் சேர்த்தி என்பதால், கறாராகப் பார்த்தால் (1, 0) தான் மிகச்சிறிய தீர்வு. ஆனால் 2-க்குப் பதில் எந்த எண்ணைப் போட்டாலும் (1, 0) பொருந்திவிடும். சமன்பாட்டைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. அதனால் y குறைந்தது 1 ஆக இருக்க வேண்டும், இரண்டும் மிகை எண்களாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது

y = 1 என்றால் 2y² + 1 = 3, வர்க்க எண் இல்லை. y = 2 என்றால் 9, அது 3-இன் வர்க்கம். வேலை முடிந்தது. y-ஐ 1-லிருந்து வரிசையாக ஏற்றிக்கொண்டு போவதால், முதலில் சிக்குவதுதான் மிகச்சிறியது. அதற்குத் தனியாக நிரூபணம் வேண்டாம். 2 இருக்கும் இடத்தில் வரும் எண்ணை D என்று வைத்தால், நிரலாக எழுதினாலும் சில வரிகள்தான்:

```python
from math import isqrt
D, y = 2, 1
while isqrt(D*y*y + 1)**2 != D*y*y + 1:
    y += 1
print(isqrt(D*y*y + 1), y)
```

இதில் `isqrt` என்பதற்குப் பதில் சாதாரண `sqrt` போட்டு, விடை முழு எண்ணா என்று பார்க்கிறவர்கள் உண்டு. எண்கள் சின்னதாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. x பத்துக் கோடியைத் தாண்டிப் போகும்போது, தசம இலக்கங்கள் போதாமல், வர்க்க எண்ணுக்கு மிக அருகில் இருக்கும் எண்ணையும் கணினி வர்க்க எண் என்றே சொல்லத் தொடங்கும். கிடைத்த ஜோடியைச் சமன்பாட்டில் முழு எண்ணாகவே திருப்பிப் போட்டுப் பார்த்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வழிக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. D = 4 போட்டுப் பாருங்கள். x² − 4y² என்பது (x − 2y)(x + 2y). இரண்டு முழு எண்களின் பெருக்கல் 1 ஆக வேண்டுமென்றால் இரண்டும் 1 ஆகவோ இரண்டும் −1 ஆகவோ இருக்க வேண்டும், அப்போது y = 0. அதாவது தீர்வே கிடையாது. ஆனால் நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். ‘இல்லை’ என்பதையும் ‘இன்னும் வரவில்லை’ என்பதையும் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. D = 61 என்றால் தீர்வு உண்டு, ஆனால் y = 22,61,53,980 வரை போக வேண்டும். x அப்போது 176,63,19,049. கணினி போய்ச் சேர்ந்துவிடும். கையால் யாரும் சேர முடியாது.

ஒற்றை, இரட்டை பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், நாலில் மிகவும் குறுகிய பலன் உள்ளதும் இதுதான். x² = 2y² + 1 என்பதால் x ஒற்றைப்படை. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது எப்போதும் 8-ஆல் வகுபடும். ஆகவே 2y² 8-ஆல் வகுபடும், y² 4-ஆல் வகுபடும், y இரட்டைப்படை. மிகை இரட்டைப்படை எண்களில் மிகச்சிறியது 2. அதைப் போட்டதும் சமன்பாடு சரியாகிவிடுகிறது. ஆக, கண்டுபிடிப்பும் நிரூபணமும் ஒரே மூச்சில் முடிகின்றன.

இதிலேயே இன்னொன்றும் கிடைக்கிறது. x = 2m + 1, y = 2n என்று எழுதினால் சமன்பாடு m(m + 1)/2 = n² என்று சுருங்கும். இடப்பக்கம் இருப்பது 1, 3, 6, 10 என்று வரும் முக்கோண எண். எனவே நம் கேள்வி, எந்த முக்கோண எண் வர்க்க எண்ணாகவும் இருக்கிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. முதலாவது 1, அது (3, 2)-ஐத் தரும். அடுத்தது 36, m = 8, n = 6, அது (17, 12)-ஐத் தரும்.

61-க்கு இதே தந்திரத்தைப் போட்டால் y 4-ஆல் வகுபட வேண்டும் என்பதுவரை வரும். முக்கால்வாசி வேலை குறையும்தான், ஆனாலும் ஐந்தரைக் கோடிக்கு மேல் எண்களைச் சோதிக்க வேண்டும். 2-க்கு இந்த வழி ஒரேயடியாக வென்றதற்குக் காரணம், அதன் தீர்வு கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது என்பதுதான்.

தொடர்பின்னம்

√2-ஐ 1 + 1/(2 + 1/(2 + 1/(2 + …))) என்று முடிவில்லாமல் எழுதலாம். அங்கங்கே வெட்டினால் 1/1, 3/2, 7/5, 17/12, 41/29 என்று √2-ஐ நெருங்கும் பின்னங்கள் வரும். ஒவ்வொன்றின் தொகுதியை x ஆகவும் பகுதியை y ஆகவும் வைத்து x² − 2y² போட்டுப் பார்த்தால் −1, 1, −1, 1, −1 என்று மாறி மாறி வருகிறது. 1 வரும் முதல் இடம் 3/2.

சரி, இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சின்னத் தீர்வு வேறெங்காவது இருந்தால்? இந்த வழியின் பலம் அங்கேதான் இருக்கிறது. x² − 2y² = 1 என்றால் x/y − √2 = 1/(y(x + y√2)). இங்கே x, y-ஐவிடப் பெரியது, √2-உம் 1-ஐவிடப் பெரியது. எனவே அந்த வித்தியாசம் 1/(2y²)-ஐவிடக் குறைவு. இவ்வளவு நெருக்கமாக வரும் எந்தப் பின்னமும் தொடர்பின்னத்தை வெட்டி வரும் பின்னங்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது லெஜாந்தரின் தேற்றம். அதனால் எல்லாத் தீர்வுகளும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பட்டியலும் ஏறுவரிசையில் போவதால், முதலில் வருவது மிகச்சிறியது.

61-க்கும் இதே வாதம் அப்படியே நிற்கும். √61-இன் தொடர்பின்னம் 11 எண்களுக்கு ஒருமுறை திரும்புகிறது. 11 ஒற்றைப்படை என்பதால் முதல் சுற்றின் முடிவில் −1 தான் கிடைக்கும். இரண்டாவது சுற்றும் முடிந்து 22-ஆவது பின்னத்தில்தான் 1 வரும். 22 கோடி எங்கே, 22 எங்கே! நிரல் எழுதப்போகிறீர்கள் என்றால் இதைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. D வர்க்க எண்ணாக இருந்தால் தொடர்பின்னம் முதல் எண்ணிலேயே நின்றுவிடும், அதனால் ‘தீர்வு இல்லை’ என்பதும் உடனே தெரிந்துவிடும்.

பாவனை

பழைய வழி இது. பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இருக்கிறது. சரியாக 1 வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், x² − 2y² = k என்று ஏதோ ஒரு சின்ன k வரும் ஜோடியில் தொடங்குவார்கள். அதை (x, y, k) என்று எழுதுவோம். (a, b, k), (c, d, m) என்ற இரண்டைச் சேர்த்தால் (ac + 2bd, ad + bc, km) என்ற மூன்றாவது கிடைக்கும். இந்தச் சேர்ப்புக்குத்தான் பாவனை என்று பெயர். k-க்கள் பெருகிக்கொள்கின்றன, அவ்வளவுதான் சூட்சுமம்.

(1, 1, −1)-ஐ அதோடு அதையே சேர்த்தால் (1 + 2, 1 + 1, 1), அதாவது (3, 2, 1). அல்லது (2, 1, 2)-ஐ எடுத்தால் (6, 4, 4) வரும், x, y இரண்டையும் 2-ஆல் வகுத்தால் k 4-ஆல் வகுபட்டு மறுபடி (3, 2, 1).

61-இல்தான் இதன் அழகு தெரியும். விதியில் 2 இருந்த இடத்தில் 61-ஐப் போட வேண்டும். 39² = 1521, 61 × 25 = 1525 என்பதால் (39, 5, −4) கையில் இருக்கிறது. அதை அதோடு சேர்த்து 2-ஆல் வகுத்தால் (1523, 195, 4). இதை மறுபடி (39, 5, −4)-உடன் சேர்த்தால் (118872, 15220, −16), 4-ஆல் வகுத்தால் (29718, 3805, −1). கடைசியாக இதை அதோடு சேர்த்தால் (1766319049, 226153980, 1). மூன்றே சேர்ப்பு. பாவனையை ஒரு விதிப்படி திரும்பத் திரும்பச் செய்யும் சக்கரவாள முறையில் பாஸ்கரர் 1150-இல் 61-க்குக் கண்ட விடை இதுவே. 1657-இல் ஃபெர்மா இதே 61-ஐ ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்குச் சவாலாக வைத்தார்.

கைக்கணக்குக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. (1, 1, −1)-க்குப் பதில் (7, 5, −1)-இல் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 49 − 50 = −1, எந்தத் தப்பும் இல்லை. அதை அதோடு சேர்த்தால் (99, 70, 1). 9801 − 9800 = 1, விடை சரி. ஆனால் மிகச்சிறியது இல்லை, இடையில் (3, 2), (17, 12) இரண்டையும் தாண்டிக் குதித்துவிட்டோம். வெறும் பாவனை இதைப் பற்றி மூச்சுவிடாது. தொடங்கும் ஜோடியை நம் இஷ்டத்துக்கு எடுப்பதால் வரும் வினை இது. சக்கரவாளம் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதற்கு விதி வைத்திருக்கிறது, அதனால் இப்படித் தாவாது.

2-ஐப் பொறுத்தவரை, கையில் உள்ள ஜோடி சின்னதா என்று சோதிக்க ஓர் இறக்கம் இருக்கிறது: (x, y)-ஐ (3x − 4y, 3y − 2x) ஆக மாற்றுங்கள். (99, 70) இப்படி (17, 12) ஆகும், அது (3, 2) ஆகும், (3, 2) போய் (1, 0)-இல் நிற்கும். நேரே (1, 0)-க்கு இறங்கும் ஜோடிதான் மிகச்சிறியது. இதில் உள்ள 3, 4, 2 எல்லாம் (3, 2)-இலிருந்தே வந்தவை. 61-க்கு இதே மாதிரி ஓர் இறக்கம் எழுத அந்தப் பத்து இலக்க x முதலில் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் மிகச்சிறியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தொடர்பின்னத்திடமோ சக்கரவாளத்திடமோதான் போய்க் கேட்க வேண்டும்.