உருகும் பனியை நம்பி விதைப்பதா, மழைநீரைத் தேக்குவதா?

பெருவின் சாந்தா ஆறு வெண்மலைத் தொடரில் பிறந்து பாலைவனக் கடற்கரையில் அஸ்பாரகஸும் புளூபெர்ரியும் விளைய வைக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை மழை ஏறக்குறைய இல்லை. அப்போது ஆற்றைத் தாங்குவதில் பனியாறுகளின் உருகுநீருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பனியாறுகள் சுருங்கிவரும் நிலையில் பாசனத்துக்கு இரண்டு வழிகள்.

உருகுநீரை நம்பிப் பாசனப் பரப்பை விரிப்பது முதல் வழி. பனியாறு சுருங்கத் தொடங்கும்போது கூடுதல் பனி உருகி ஆறு பெருகும், வாய்க்காலும் நிறையும். ஆனால் அது வரவல்ல, முதலைக் கரைத்துச் செலவழிப்பது. ஓர் உச்சத்துக்குப் பின் மழையில்லா மாதங்களின் ஓட்டம் குறையும். 2012-இல் வெளியான ஆய்வின்படி, சாந்தா படுகையில் பல கிளையாறுகள் அந்த உச்சத்தை ஏற்கெனவே தாண்டிவிட்டன. நட்ட பயிரோ ஆண்டு முழுக்க நீர் கேட்கும்.

மழைக்கால நீரைத் தேக்குவது இரண்டாவது. இன்று வீண்செலவு போலத் தெரியும். கணக்குப் போட்டால் அளவு புரியும்: மழையில்லா மாதங்களில் நொடிக்கு 1 கன மீட்டர் மட்டும் குறைந்தால்கூட, 150 நாளில் பற்றாக்குறை ஏறத்தாழ 1.3 கோடி கன மீட்டர். வண்டல் படிந்து கொள்ளளவு குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருந்தும் என் ஓட்டு இதற்கே. பரப்பை விரிப்பதை அணை முடிந்த பிறகு பேசலாம்.