லேபெட்டலாலா, நிஃபெடிபினா?

கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கு இரண்டுமே பாதுகாப்பானவை என்று கருதப்படுபவைதான். கடலூர் முதுநகரில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு அழுத்தம் 150/100 என்று வைத்துக்கொள்வோம், சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. லேபெட்டலால் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும் என்பதால் அவருக்கு ஆகாது. மெதுவாகக் கரையும் நிஃபெடிபின்தான். அதை மெல்லாமல் முழுதாக விழுங்க வேண்டும்.

இதிலும் ஒரு சங்கடம். தலைவலியையும் கால்வீக்கத்தையும் நிஃபெடிபினும் தரும், கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் ப்ரீஎக்லாம்ப்சியா என்ற ஆபத்தான நோயும் தரும். ‘மாத்திரைச் சூடு’ என்று மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது, உடனே அழுத்தம் பார்க்க வேண்டும். 160/110ஐத் தொட்டாலோ, தலைவலி கடுமையாகி நிற்காமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, வலது விலாவுக்குக் கீழ் வலித்தாலோ நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஆஸ்துமா இல்லாதவருக்கு லேபெட்டலாலே தேவலை என்பேன். இந்தக் குழப்பம் அதில் குறைவு.

முன்பே ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், டெல்மிசார்டன் சாப்பிட்டு வந்தவர்கள் கர்ப்பம் தெரிந்ததுமே மருத்துவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அவை சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.