கேத் லேபா, கீமோ டே கேரா, குழந்தைகள் வார்டா: கர்ப்பமான நர்ஸ் எங்கே வேலை பார்ப்பது?

பெங்களூரு தனியார் மருத்துவமனைகளில், எக்ஸ்ரேயில் பார்த்தபடி இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். கர்ப்பம் உறுதியானதும் முதலில் வருவது எக்ஸ்ரே பயம். இன்சார்ஜிடம் சொன்னால், ஆள் குறைவாக இருக்கும் கீமோ டே கேருக்கோ குழந்தைகள் வார்டுக்கோ மாற்றுவதாகச் சொல்வார்கள். கதிரிலிருந்து தப்பித்தால் போதும் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மாற்றம் சில நேரம் இருந்ததைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் விடும். அதனால் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

கேத் லேபின் பெரிய சாதகம், அங்கே ஆபத்தை அளக்க முடியும் என்பதுதான். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கர்ப்பத்தைத் தெரிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்குச் சேரும் கதிர் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. தெரிவித்தால்தான் இந்த வரம்பு நடைமுறைக்கு வரும். 'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்' என்ற நம் வீட்டு வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் எதிராக வேலை செய்கிறது. கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் 5 முதல் 10 வாரத்துக்குள்தான் குழந்தையின் உறுப்புகள் உருவாகின்றன. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் ரேடியேஷன் சேஃப்டி ஆபீசருக்கு உடனே சொல்லிவிட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடந்த ஓராண்டில் ஒரு நர்ஸின் டி.எல்.டி. பேட்ஜ், அதாவது உடலில் படும் கதிரை அளக்கும் பேட்ஜ், நான்கு காலாண்டுக்கும் சேர்த்து 0.6 மில்லிசீவர்ட் காட்டியது என்று வைப்போம். 6-வது வாரத்தில் தெரிவித்து 36-வது வாரம் வரை வேலை பார்த்தால் மீதி 30 வாரம். அதே வேகத்தில் போனால் ஏறக்குறைய 0.35 மில்லிசீவர்ட் சேரும். இது ஈய ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் மாட்டிய பேட்ஜின் அளவு. கருப்பை உடலின் ஆழத்தில் இருப்பதால் அங்கே போய்ச் சேருவது இன்னும் குறைவு. வரம்பில் பாதிகூட ஆகவில்லை.

இந்தக் கணக்கு பொய்யாகப் போகும் இடங்களும் உண்டு. பேட்ஜை ஏப்ரனோடு சேர்த்து லேபிலேயே தொங்கவிட்டுப் போனால் அது காட்டுவது உங்கள் அளவு அல்ல. லாக்கரில் விட்டுவிட்டு வேலை பார்த்தால் பூஜ்யம் வரும், அதை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. பேட்ஜ் காலாண்டுக்கு ஒருமுறைதான் அளவு பார்க்கப் போகிறது. முடிவு வருவதற்குள் முக்கியமான வாரங்கள் கடந்துவிடும். ஆகவே இடுப்பு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே, எலக்ட்ரானிக் பாக்கெட் டோசிமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். வாரம் 6 நாள் வேலை என்றால் 30 வாரத்துக்கு 180 ஷிப்ட். 1 மில்லிசீவர்ட் என்பது 1000 மைக்ரோசீவர்ட், ஆக ஷிப்டுக்கு 5 மைக்ரோசீவர்ட்டுக்குச் சற்று மேலே வரம்பு. நம் கணக்குப்படி தினமும் 2 மைக்ரோசீவர்ட் அளவில் இருக்க வேண்டும். ஐந்தைத் தொட ஆரம்பித்தால் ஏதோ தவறு: மேசைக்குக் கீழே தொங்கும் ஈயத் திரை விலகியிருக்கலாம், ஏப்ரனில் விரிசல் இருக்கலாம், அல்லது நீங்கள் நிற்கும் இடம் சரியில்லை.

நிற்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்தான் நர்ஸுக்கு வருவது. 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்ந்தால் அது கால் பங்காகும். எக்ஸ்ரே கருவியின் வளைந்த கையான சி-ஆர்ம் சாய்ந்திருக்கும்போது எக்ஸ்ரே டியூப் இருக்கும் பக்கம் சிதறல் அதிகம், டிடெக்டர் பக்கம் குறைவு. படத்தைப் பதிவு செய்ய சினி எடுக்கும் நொடிகளில் கதிர் வீதம், நேரலையாகப் பார்க்க மட்டும் உதவும் சாதாரண ஃப்ளூரோவைவிடப் பல மடங்கு ஏறும், அப்போது பின்னால் நகர்ந்துவிட வேண்டும். முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன் நர்ஸுக்குப் போதாது. மருந்து எடுக்கத் திரும்பினால் முதுகு திறந்தே இருக்கும். சுற்றிக் கட்டும் ஏப்ரனில் முன்பக்கம் இரண்டு 0.25 மி.மீ. மடிப்பு சேர்ந்து 0.5 மி.மீ. ஆகிறது, சிதறலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அதுவே தடுத்துவிடும். பயத்தில் இரண்டு ஏப்ரன் போட்டால் கூடுதல் பயன் சொற்பம், இடுப்புவலி நிச்சயம்.

இப்போது கீமோ டே கேர். இங்கே பேட்ஜ் கிடையாது, இவ்வளவு வரை பரவாயில்லை என்ற வரம்பும் கிடையாது. சைக்ளோபாஸ்பமைட், மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின் போன்ற மருந்துகள் வளரும் செல்களைத் தாக்கவே செய்யப்பட்டவை, கருவும் அப்படி வளர்வதுதான். அவை தோல் வழியாகவும், ஊசியை உருவும்போது தெறிக்கும் நுண்துளிகளாகவும் உள்ளே போகும். மருந்தை பார்மசி கேபினெட்டில் கலந்து அனுப்புகிறார்களா, வார்டு மேசையிலேயே நர்ஸ் கலக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வார்டில் கலந்தால் அந்த இடத்துக்குப் போகவே கூடாது. பார்மசியில் கலந்தாலும், ஐ.வி. செட்டை மருந்தாலேயே நிரப்பிப் பிரைம் செய்வது, தீர்ந்த பையிலிருந்து ஸ்பைக்கைப் பிடுங்குவது ஆகிய இரண்டு இடங்களில் மருந்து சொட்டும். சலைனில் பிரைம் செய்து, பையையும் செட்டையும் பிரிக்காமல் ஒன்றாக அப்புறப்படுத்தினால் குறையும், ஆனால் அறவே போகாது. மருந்து ஏறிய பின் குறைந்தது 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் அது இருக்கும். 'நீ மருந்தைத் தொடவேண்டாம், பி.பி. மட்டும் பார்' என்று சொல்லி அனுப்பினாலும் கட்டில் கம்பி, பம்ப் பட்டன், கழிப்பறை ஆகியவை மிச்சம் இருக்கின்றன. மூன்றில் இதைத்தான் முற்றிலும் மறுக்கச் சொல்வேன்.

குழந்தைகள் வார்டு இரத்தப் பரிசோதனையைப் பொறுத்தது. போவதற்கு முன் எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று காட்டும் ரூபெல்லா ஐ.ஜி.ஜி., சின்னம்மை ஐ.ஜி.ஜி. இரண்டும் பாருங்கள். 'சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும்' என்ற ஊகம் போதாது, வெப்பநாடுகளில் வளர்ந்த பெரியவர்களில் பலருக்கு அது வந்திருக்காது. இரண்டுக்குமான தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனது, கர்ப்பத்தில் போட முடியாது. எதிர்ப்பு இல்லாமல் சின்னம்மை நோயாளியை நெருங்கிவிட்டால் உடனே மகப்பேறு டாக்டரிடம் போக வேண்டும். இம்யூனோகுளோபுலின் 10 நாளுக்குள் போட வேண்டும், முதல் 4 நாளில் போட்டால் நல்லது.

சி.எம்.வி. வைரஸுக்கு டயப்பரும் எச்சிலும் தொட்ட பின் கை கழுவுவதே பெரும்பாலும் போதும். கவனிக்காமல் விடுவது பார்வோ வைரஸ் பி19. 20 வாரத்துக்குள் வந்தால் கருவுக்குக் கடும் ரத்தசோகை வரலாம். இந்த வைரஸால் கன்னம் சிவந்த குழந்தையைப் பார்த்துப் பயப்படுவோம், ஆனால் தடிப்பு வரும்போது அதன் தொற்றும் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். தலசீமியா, சிக்கிள் செல் குழந்தை திடீரென ஹீமோகுளோபின் சரிந்து சேர்ந்தால் அதற்கு இந்த வைரஸ் காரணமாக இருக்கலாம், அப்போது தொற்றும் காலம் முடிந்திருக்காது; அதுதான் ஆபத்து, அந்த அறையை வேறொருவர் பார்க்கட்டும்.

ஆகவே பதில் வரிசையாக இப்படி வருகிறது. கேத் லேபிலேயே கண்ணாடிக்கு வெளியே கன்சோல் அறை அல்லது ரிக்கவரி வேலை கிடைத்தால் அதுவே முதல். அது இல்லை, இரத்த முடிவும் சரி என்றால் குழந்தைகள் வார்டு. அதுவும் இல்லையென்றால் கேத் லேபின் உள்ளேயே, மேசையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, இடுப்பில் டோசிமீட்டரோடு.

கடிதம் நர்ஸிங் சூப்பரின்டென்டென்டுக்கு, நகல் ரேடியேஷன் சேஃப்டி ஆபீசருக்கு. அதில் எதிர்பார்க்கும் பிரசவத் தேதி, கடைசி நான்கு காலாண்டு பேட்ஜ் அளவு, கேட்கும் பணியிடம், டோசிமீட்டர் கோரிக்கை என நான்கு வரி போதும். கீமோ டே கேர் வேண்டாம் என்பதை ஐந்தாவது வரியாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள்.