மெல்லிய எழுத்தைத் தேர்ந்தெடுக்க: மேஜிக் வாண்டா, சேனலா?

ஃபோட்டோஷாப்பில், ஸ்கேன் செய்த எழுத்தில் Magic Wand-ஐச் சொடுக்கினால் தடித்த தண்டு வந்துவிடும், நுனியில் இருக்கும் செரிஃப் மட்டும் காணாமல் போகும். காரணம், ஒன்றிரண்டு பிக்சல் அகலமுள்ள கோட்டில் முழுக் கறுப்பு எங்கும் இல்லை, மையும் தாளும் கலந்த சாம்பல்தான். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற அளவில் தண்டு 20, தாள் 240, செரிஃப் 140 என்று வைத்துக்கொள்வோம். தண்டில் சொடுக்கினால் Tolerance 32 என்பது 52 வரைதான் எட்டும்.

வாண்ட்: Tolerance-ஐ 120-க்கு ஏற்றினால் செரிஃப் வரும், ஆனால் தண்டின் சாம்பல் விளிம்பும் முழுசாகச் சேர்ந்து எழுத்து தடித்துவிடும். Contiguous போட்டிருந்தால் கோடு மங்கும் இடத்திலேயே தேர்வு நின்றுவிடும்.

சேனல்: வேறுபாடு அதிகமுள்ள சேனலை நகலெடுத்து, Levels-இல் கறுப்பை 20-க்கும் வெள்ளையை 240-க்கும் வைத்து, Invert செய்து, சேனலின் சிறுபடத்தை Ctrl+சொடுக்கு. செரிஃப் சுமார் 45 சதவீதம் தேர்வாகும், அதாவது அதன் மென்மை அப்படியே இருக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுவது: ஓடும் புள்ளிக்கோடு 50 சதவீதத்துக்கு மேல் தேர்வானதை மட்டுமே சுற்றும், அதனால் செரிஃப் விடுபட்டதுபோலத் தெரியும். நம்பாமல், புதிய லேயரில் நிறத்தை நிரப்பிப் பாருங்கள். (வெட்டி ஒட்டினால் தாளின் நிறமும் விளிம்போடு வரும்.)

நேரம் என்று பார்த்தால் வாண்டுக்கு ஒரு சொடுக்கு, சேனலுக்கு இரண்டு நிமிடம். தடித்த, செரிஃப் இல்லாத பெரிய எழுத்துக்கு வாண்டே போதும். மெல்லிய கோடு என்றால் சேனல்தான். தாளில் ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தால் மட்டும் ஒரே Levels எல்லா இடத்துக்கும் பொருந்தாது, பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும்.