கிளிக்கை எங்கிருந்து பார்க்கிறது? மூன்று வகை ஸ்டெப் ரெக்கார்டர்கள், ஒரே வழிகாட்டி

உதவி வழிகாட்டி தயாரிக்க ஸ்டெப் ரெக்கார்டர் தேடுகிறவர்கள் வசதிப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அம்புக்குறி போடுமா, பிடிஎஃப் தருமா, இலவசமா என்று. எல்லாக் கருவிகளும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன: நீங்கள் பாட்டுக்கு வேலையைச் செய்யுங்கள், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஸ்கிரீன்ஷாட்டும் ஒரு வரி விளக்கமும் தானாக வந்துவிடும். ஆனால் அந்தக் கிளிக்கைக் கருவி எங்கிருந்து பார்க்கிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. மற்ற எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

ஒப்பிடுவதற்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். ஓர் இணையதளத்தின் நிர்வாகப் பக்கத்தில் உறுப்பினர் பட்டியலை CSV ஃபைலாக ஏற்ற வேண்டும். இடப்பக்க மெனுவில் உறுப்பினர் பகுதிக்குப் போய், இறக்குமதி பட்டனை அழுத்தி, கணினியிலிருந்து ஃபைலைத் தேர்ந்தெடுத்து, எந்தக் கட்டம் பெயர், எது மின்னஞ்சல் என்று கீழிறங்கு பட்டியலில் பொருத்தி, கடைசியாக உறுதி செய்ய வேண்டும். பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் ரெக்கார்டர்கள் தடுக்கி விழும் இடங்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

முதலில் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள். ஸ்கிரைப், டாங்கோ போன்றவை இந்த வகையில் பரவலாகத் தெரிந்தவை. இவை வலைப்பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து கிளிக்கைக் கவனிக்கின்றன. அதனால் எந்தப் பட்டன் அழுத்தப்பட்டது, அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது பக்கத்தின் கட்டமைப்பிலிருந்தே இவற்றுக்குத் தெரியும். ‘உறுப்பினர்களைச் சேர் என்பதைக் கிளிக் செய்யவும்’ என்பது போன்ற வரி கிட்டத்தட்டத் திருத்தம் இல்லாமல் கிடைக்கும். விளக்க வரியின் தரத்தில் இந்த வகையை மற்றவை நெருங்க முடியாது. ஒரே விலக்கு, எழுத்தே இல்லாத ஐகான் பட்டன்கள். அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் ஐகானுக்குள் பெயர் எதுவும் வைக்காமல் விட்டிருந்தால், ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று மொட்டையாக ஒரு வரிதான் வரும்.

சரி, நம் வேலைக்கு வருவோம். ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் சன்னல் திறந்ததும் எக்ஸ்டென்ஷனுக்குக் கண் கட்டிவிடும். அந்தச் சன்னல் பிரவுசர் பக்கத்தைச் சேர்ந்ததல்ல, இயங்குதளத்தைச் சேர்ந்தது. அங்கே நான்கு கிளிக் செய்தாலும் ஒன்றுகூடப் பதிவாகாது. வழிகாட்டியில் ‘ஃபைலை ஏற்று’ என்ற படிக்கு அடுத்து நேராகக் கட்டங்களைப் பொருத்தும் திரை வந்து நிற்கும். படிக்கிறவர் நடுவில் என்ன நடந்தது என்று விழிப்பார். அச்சிடும் சன்னலுக்கும், chrome:// என்று தொடங்கும் அமைப்புப் பக்கங்களுக்கும் இதே கதிதான்.

கீழிறங்கு பட்டியல் இன்னொரு கண்ணி. சில தளங்கள் அதைப் பக்கத்துக்குள்ளேயே வரைகின்றன, அப்படியானால் படத்தில் விழும். ஆனால் பிரவுசரின் சொந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் தளத்தில், விரிந்த பட்டியல் பக்கத்துக்கு மேல் தனியாக மிதக்கிறது. எக்ஸ்டென்ஷன் எடுக்கும் படம் பக்கத்தை மட்டுமே பிடிக்கும். பட்டியல் விரிந்த நிலை படத்தில் இருக்கவே இருக்காது, மூடிய கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் தெரியும். வேகமாகக் கிளிக் செய்வதும் ஆகாது. திறந்திருக்கும் பக்கத்தைப் படமெடுக்க எக்ஸ்டென்ஷன்களுக்குக் குரோம் தரும் வசதி நொடிக்கு 2 முறைதான் வேலை செய்யும். கை பழகிய வேகத்தில் மூன்று கிளிக் தட்டினால் ஏதாவது ஒரு படம் விடுபடலாம்.

அடுத்தது விண்டோஸில் கூடவே வந்த ஸ்டெப்ஸ் ரெக்கார்டர். விண்டோஸ் 7இல் அறிமுகமானது. psr.exe என்று தட்டினால் திறக்கும். இது பிரவுசருக்கு வெளியே நின்று மொத்தத் திரையையும் பார்க்கிறது. ஆகவே ஃபைல் சன்னல் அழகாகப் பதிவாகும், கிளிக் செய்த இடத்தைச் சுற்றிப் பச்சைக் கோடும் இருக்கும். விளக்க வரியோ இப்படித்தான் வரும்:

```
User left click on "Open (split button)" in "Open"
```

பிழையைச் சொல்லி உதவி கேட்கும்போது இது போதும். வழிகாட்டிக்கு ஒரு வரியும் தேறாது, எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டும். வலைப்பக்கத்துக்குள் கிளிக் செய்தால் பட்டனின் பெயரே இல்லாமல் வெறும் pane என்று எழுதிவைப்பதும் உண்டு. இயல்பு நிலையில் கடைசி 25 படங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு தொல்லை. நீளமான வேலையைப் பதிவு செய்து முடித்துத் திறந்து பார்த்தால் முதல் படிகளுக்குப் படமே இருக்காது. பதிவைத் தொடங்கும் முன் அமைப்புக்குள் போய் அந்த எண்ணை ஏற்றிவைக்க வேண்டும். எல்லாம் ஒரு ஜிப்புக்குள் .mht ஃபைலாக வரும். வேர்டில் திறந்துதான் சீர்படுத்த முடியும். இதை இனி வளர்க்கப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தும்விட்டது. புதிதாக ஒரு வழிகாட்டித் தொகுப்பைத் தொடங்குகிறவர் இதை நம்பிக் கட்டுவது சரியல்ல. வேறெதையும் நிறுவ அனுமதியில்லாத கணினி என்றால் அது வேறு விஷயம்.

மூன்றாவது வகை, டெஸ்க்டாப்பில் நிறுவும் ரெக்கார்டர்கள். ஃபோல்ஜ் ஓர் உதாரணம். ஸ்கிரைப்பும் கட்டணத் திட்டத்தில் டெஸ்க்டாப் பதிவைத் தருகிறது. இவையும் வெளியே நின்று பார்ப்பவைதான், ஆனால் வழிகாட்டிக்கென்றே செய்தவை. படியை மாற்றலாம், நடுவில் சேர்க்கலாம், ஒரு படத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். நம் உதாரணத்தில் பிரவுசர், ஃபைல் சன்னல், கீழிறங்கு பட்டியல் எல்லாமே படத்தில் விழும். விலை என்னவென்றால், விளக்க வரி எக்ஸ்டென்ஷன் தருகிற அளவுக்குத் துல்லியமாக இருக்காது. பக்கத்தின் கட்டமைப்பு இவற்றுக்கு நேரடியாகத் தெரியாது, இயங்குதளம் சொல்லும் பெயரை வைத்துத்தான் எழுத வேண்டும். தொலைவிலுள்ள கணினியை ரிமோட்டில் திறந்து வேலை செய்தால் அந்தப் பெயரும் கிடைக்காது. கருவிக்கு அது முழுக்க ஒரே படம்.

இந்த வகையில் கவனிக்க வேண்டிய ஒன்று, திரையில் உள்ளவை எத்தனை சதவீதம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று வைக்கும் அளவு விகிதம். மடிக்கணினியில் 150 சதவீதம், பக்கத்திலிருக்கும் பெரிய திரையில் 100 சதவீதம் என்று வைத்திருந்தால், கிளிக் வட்டம் பட்டனை விட்டு விலகி விழலாம். திரையின் இடது மேல் மூலையில் சரியாக இருந்து, வலது கீழ்ப்பக்கம் போகப் போக விலகல் கூடினால் காரணம் இதுதான். இரண்டு திரைக்கும் ஒரே விகிதம் வைத்துவிட்டு மறுபடி பதிவு செய்தால் சரியாகிவிடும்.

மூன்றுக்கும் பொதுவான சங்கதி ஒன்று உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் திருத்த வேலை பாதியாகக் குறையும். ரெக்கார்டர் படமெடுப்பது கிளிக்கின் விளைவு தெரிவதற்கு முன்னால். அப்படித்தான் இருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அழுத்திய பட்டனே படத்தில் இருக்காது. ஆனால் இதனால் இரண்டு படங்கள் எப்போதும் விடுபடும். பெயர்க் கட்டத்தில் கிளிக் செய்து தட்டச்சு செய்தால், படத்தில் இருப்பது காலிக் கட்டம், நிரப்பிய கட்டம் அல்ல. அதேபோல் கடைசியாக உறுதிப் பட்டனை அழுத்தியதும் ‘பட்டியல் ஏற்றப்பட்டது’ என்று வரும் திரை பதிவாகவே ஆகாது, அதற்குப் பிறகு கிளிக் எதுவும் இல்லையே. இரண்டுக்கும் ஒரே மருந்து: படிவத்தை நிரப்பியதும் பக்கத்தின் வெற்றிடத்தில் ஒரு கிளிக், கடைசித் திரை வந்ததும் வெற்றிடத்தில் ஒரு கிளிக். அப்புறம் அந்தப் படிகளில் உள்ள வட்டத்தை நீக்கிவிட்டு, காலிக் கட்டங்களைக் காட்டும் படிகளை அழித்துவிடலாம். மூன்று கட்டங்களை நிரப்ப மூன்று படம் தேவையில்லை. நிரம்பிய படிவத்தின் ஒரே படம் போதும்.

தனிப்பட்ட தகவல் விஷயத்தில் மூன்றும் வேறு வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தை மட்டும் எடுப்பதால் டாஸ்க்பார், வந்து விழும் அறிவிப்புகள் எதுவும் படத்தில் வராது. ஆனால் படங்கள் நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன, தட்டச்சு செய்த சொல் விளக்க வரியிலேயே ஏறிவிடுவதும் உண்டு. ஸ்டெப்ஸ் ரெக்கார்டர் மறுகோடி. தட்டச்சு செய்ததைப் பதிவு செய்யாது, எதையும் வெளியே அனுப்பாது. ஆனால் இணைத்திருக்கும் எல்லாத் திரைகளையும் சேர்த்துப் பிடிக்கும். பக்கத்துத் திரையில் திறந்திருந்த மின்னஞ்சலும் வழிகாட்டியில் வந்துவிடும். அதை வேர்டில் வெட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வெட்டிய பகுதியைத் தனியாக அழிக்காதவரை அது ஃபைலுக்குள் அப்படியே இருக்கும், யார் வேண்டுமானாலும் திரும்ப விரித்துப் பார்க்கலாம். ஃபோல்ஜ் படங்களை நம் கணினியிலேயே வைக்கிறது. டெஸ்க்டாப் கருவிகளில் முழுத் திரைக்குப் பதில் ஒரு சன்னலை மட்டும் பிடிக்கச் சொல்லவும் முடியும். ஆனால் அப்படி வைத்தால் ஃபைல் சன்னல் தனிப் படமாகத் துண்டாக வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

உறுப்பினர் பட்டியல் என்பதே பெயரும் மின்னஞ்சலும்தான். பதிவு செய்த பின் ஒவ்வொரு படத்திலும் மங்கலாக்கிக்கொண்டிருப்பதைவிட, கற்பனைப் பெயர்கள் கொண்ட ஐந்து வரி CSV ஒன்றைத் தயாரித்து, சோதனைக் கணக்கில் பதிவு செய்வது எவ்வளவோ மேல். மறைத்தே ஆக வேண்டிய இடத்தில் மங்கலாக்காமல் கெட்டி நிறத்தில் கட்டம் போட்டுவிடுங்கள். லேசாக மங்கலாக்கிய எழுத்தைச் சில சமயம் மீட்டுவிட முடியும்.

இந்த வேலைக்கு நான் எடுப்பது எக்ஸ்டென்ஷனைத்தான், ஓட்டைகள் தெரிந்தே. நல்ல விளக்க வரிகள் தானாக வருவது பெரிய மிச்சம். ஃபைல் சன்னலையும் விரிந்த பட்டியலையும் தனியாக இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நடுவில் படியாகச் செருகிவிடலாம். தளத்தில் ஒரு பட்டன் மாறினால் அந்த ஒரு படியை மட்டும் மாற்றினால் போதும், இணைப்பாகப் பகிர்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கும் புதியதே தெரியும். பிடிஎஃப்பாக அனுப்பியிருந்தால் பழையதே சுற்றிக்கொண்டிருக்கும். படங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதி இருந்தாலோ, வேலையில் பாதிக்கு மேல் பிரவுசருக்கு வெளியே நடந்தாலோ யோசிக்காமல் டெஸ்க்டாப் கருவிக்குப் போய்விடுவேன். ஐந்தாறு கிளிக்கில் முடிகிற வேலைக்கு ரெக்கார்டரே வேண்டாம். கிரீன்ஷாட், ஷேர்எக்ஸ் போன்ற சாதாரண ஸ்கிரீன்ஷாட் கருவியில் கையால் எடுத்து, வரிகளைக் கையால் எழுதுவது, தானாக வந்த படிகளைக் களையெடுப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.