வாக்கியம் பிரிக்க எந்த முஸ்ஹஃப்: மதீனாவா, இந்தோ-பாக்கா?

குர்ஆனின் அரபியை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து இலக்கணம் பார்க்க உட்கார்ந்தால், முதல் தலைவலி அதில் முற்றுப்புள்ளியே கிடையாது என்பதுதான். வசன எண்ணையும் நம்ப முடியாது. ஒரு வசனத்துக்குள் நாலு வாக்கியம் இருக்கும், நாலு வசனம் சேர்ந்து ஒரே வாக்கியமாகவும் இருக்கும். மிச்சம் கைக்கு அகப்படுவது வக்ஃப் குறிகள், அதாவது எழுத்துக்கு மேல் பொடியாக நிற்கும் நிறுத்தக் குறிகள்.

இவை அச்சுக்கு அச்சு மாறும். மதீனாவில் அச்சாகும் முஸ்ஹஃபில், அதாவது குர்ஆன் பிரதியில், இருப்பவை 1924-ல் கெய்ரோவில் வெளியான அச்சின் வழிவந்தவை: மீம் என்றால் கட்டாயம் நிறுத்து, ஜீம் என்றால் நிறுத்தினாலும் சரி தொடர்ந்தாலும் சரி, ‘கலா’ என்றால் நிறுத்துவது மேல், ‘ஸலா’ என்றால் தொடர்வது மேல். இந்தியா, பாகிஸ்தானில் புழங்கும் இந்தோ-பாக் அச்சு 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸஜாவந்தியின் முறையைப் பின்பற்றுகிறது. அதில் மீமும் ஜீமும் உண்டு, கூடவே ‘பேச்சு முடிந்தது, நிறுத்து’ என்னும் தா, இன்னும் சில. மக்ரிப் அச்சுகளின் ஒற்றைக் குறி முறையை நான் கையாண்டதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது இந்தோ-பாக். காரணம் ஒன்றுதான்: வசனத்தின் கடைசி. மதீனா அச்சில் வசனம் முடிந்தால் எண் வரும், அவ்வளவுதான், அங்கே வாக்கியம் முடிந்ததா தொடர்கிறதா என்று ஒரு சொல்லும் கிடையாது. இந்தோ-பாக்கில் வசன முடிவைக் காட்டும் வட்டத்தின் மேலேயே பல இடங்களில் தா அல்லது லாம்-அலிஃப் உட்கார்ந்திருக்கும். தா என்றால் முடிந்தது, லாம்-அலிஃப் என்றால் இன்னும் முடியவில்லை.

ஃபாத்திஹாவையே எடுத்துக்கொள்ளுங்கள். மதீனா அச்சில் அந்த சூரா முழுக்க ஒரு வக்ஃப் குறிகூட இல்லை. இந்தோ-பாக்கில் ‘ரப்பில் ஆலமீன்’ மேல் லாம்-அலிஃப், ‘அர்ரஹீம்’ மேல் லாம்-அலிஃப், ‘யவ்மித்தீன்’ மேல் தா. இலக்கணமும் அதையேதான் சொல்கிறது: ரப்பி, அர்ரஹ்மானி, அர்ரஹீமி, மாலிகி எல்லாமே ‘லில்லாஹி’யைத் தொடரும் அடைமொழிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் இகரம், ஆக மூன்று வசனமும் ஒரே வாக்கியம். அடுத்து ‘நஸ்தயீன்’ மேல் தா. ‘முஸ்தகீம்’ மேல் மறுபடி லாம்-அலிஃப், ஏனென்றால் அடுத்த வசனத்தின் ‘ஸிராத்த’ முந்தைய ‘ஸிராத்’தை விளக்கிக்கொண்டு தொடர்கிறது. பிஸ்மில்லாஹ் நீங்கலாக ஆறு வசனம், மூன்று வாக்கியம். எண்ணை வைத்து வெட்டியிருந்தால் ‘அர்ரஹ்மானிர் ரஹீம்’ தனித் துண்டாக அந்தரத்தில் நின்றிருக்கும். மாஊன் சூராவிலும் இதே கதை, ‘ஃபவைலுல் லில்முஸல்லீன்’ என்பதோடு நிறுத்தினால் தொழுகிற எல்லோருக்கும் கேடு என்றாகிவிடும், லாம்-அலிஃப்தான் அடுத்த வசனத்தோடு அதைக் கட்டிவைக்கிறது.

(ஓதும்போது வசன முடிவில் நிறுத்துவது வேறு விஷயம், அதற்கு நபிவழி ஆதாரமே காட்டுகிறார்கள். இங்கே பேச்சு வாக்கிய எல்லை பற்றி மட்டும்.)

வசனத்துக்கு உள்ளேயும் மதீனாவின் ‘ஸலா’ கொஞ்சம் ஏமாற்றும். அல்பகரா 7-ல் ‘வஅலா ஸம்இஹிம்’ என்பதற்குப் பிறகு மதீனாவில் ‘ஸலா’, இந்தோ-பாக்கில் தா. அதற்கு முன்னால் இருப்பது ‘கத்தம’ என்று வினைச்சொல்லில் தொடங்கிய வாக்கியம், பின்னால் வருவது வினையே இல்லாத புது வாக்கியம். எல்லை அங்கேதான் இருக்கிறது. ஆனால் ‘ஸலா’ ஓதுபவரிடம் ‘சேர்த்து ஓது’ என்கிறது, அதை நாம் ‘வாக்கியம் முடியவில்லை’ என்று படித்துவிடக் கூடாது.

மதீனா ஜெயிக்கிற இடமும் உண்டு, ஆலு இம்ரான் 7. அதன் விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர யாரும் அறியார் என்று முடிகிற ‘இல்லல்லாஹ்’ வந்ததும் இந்தோ-பாக் மீம் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. மதீனா ‘கலா’ போடுகிறது, நிறுத்துவது மேல், ஆனால் ‘வர்ராஸிஹூன’வை அதோடு சேர்த்து, கல்வியில் தேர்ந்தவர்களும் விளக்கம் அறிவார்கள் என்று கொள்வதற்கும் இடம் இருக்கிறது. விரிவுரையாளர்களிடையே இரண்டு கருத்தும் இருப்பதால் மதீனாவின் குறிதான் அங்கே உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. இந்த மாதிரி இடங்களுக்காக அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். நான் அலசியது பெரும்பாலும் சின்ன சூராக்கள், நீண்ட சட்ட வசனங்களில் இந்தோ-பாக் இதே அளவு கைகொடுக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கணினியில் செய்பவர்களுக்கு: லாம்-அலிஃப் U+06D9, தா U+0615. சில இந்தோ-பாக் கோப்புகளில் குறிகள் அந்த எழுத்துருவுக்கே உரிய தனிக் குறியீட்டில் இருக்கும், தேடினால் ஒன்றும் சிக்காது, முதலில் ஃபாத்திஹாவின் வசன முடிவுகளில் மேலே சொன்ன மூன்று லாம்-அலிஃபும் அகப்படுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிரித்து முடித்த பிறகு ‘அல்லதீன’ என்று தொடங்கும் துண்டுகளை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். தனியாக ஒரு வாக்கியத்தைத் தொடங்குபவையும் அதில் உண்டு, மற்றவை முந்தைய வசனத்திலிருந்து அறுந்து வந்தவை.