பாதி விலை என்று சொல்லிப் புதியதைவிட அதிகம் வாங்கிவிட்டார்கள்

பழைய மரச்சாமான் கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டு கதவு அலமாரி ஒன்றைக் காட்டி, "தேக்கு சார், புதிதாக வாங்கினால் ஆகும் விலையில் பாதிதான்" என்று என்னிடம் விற்றார்கள். மூன்றே மாதத்தில் ஒரு கதவு கீலோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. திருகாணி இருந்த ஓட்டையில் விரலை வைத்தேன்; பசையில் பிசைந்த மரத்தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே இருந்தது பார்ட்டிகிள் போர்டு. அதன்மேல் ஒட்டிய வெனீர் மட்டும்தான் தேக்கு, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத தோல்.

ஏமாற்று வேலை நடந்தது "புதியது" என்ற சொல்லில். எந்தப் புதியது என்று நான் கேட்கவில்லை. முழுத் தேக்கில் செய்த புதிய அலமாரியின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், என்னிடம் வாங்கியது 50. பிறகு விசாரித்தபோது, அதே அளவில் வெனீர் ஒட்டிய புத்தம் புதிய அலமாரியே 40 பங்குக்குக் கிடைக்கிறது. அதில் பாதி என்றால் 20 தான் வரும். அதையும் என் அலமாரிக்குக் கொடுத்திருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

அடிப்பாகம் ஒரு விரல் உயரத்துக்கு லேசாக உப்பியிருந்தது. தரை துடைத்த ஈரத்தைக் குடித்த போர்டு அது. உப்பிய போர்டு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, பிடிமானமும் போய்விடும். கெட்டி மரத்தில் கீறல் விழுந்தால் இழைத்துப் பாலிஷ் போடலாம். வெனீரில் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே அடியில் இருக்கும் போர்டு தெரிந்துவிடும். ஆகவே கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற தேய்மானத்துக்கு, மரத்தில் கொஞ்சம் விலை குறைத்தால் போதும்; போர்டில் விலையே நிற்காது.

கதவைத் திறந்து அதன் மேல்விளிம்பைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன். கெட்டி மரமாக இருந்தால் முகப்பில் ஓடும் ரேகை விளிம்பிலும் தொடரும், பலகையின் குறுக்குவெட்டில் வளையக் கோடுகளும் தெரியும். என் அலமாரியின் விளிம்பில் தனியாக ஒரு பட்டி ஒட்டியிருந்தது. நகத்தால் நெருடினாலே அதன் ஓரம் தட்டுப்படுகிறது. பாலிஷ் படாத பின்புறத்தையும் கீல் திருகாணிகளையும் பாருங்கள். ஒரே கீலுக்குப் பக்கத்தில் அடைத்த பழைய ஓட்டைகள் இருந்தால், பிடிமானம் ஏற்கெனவே ஒருமுறை விட்டிருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் மூன்று இருந்தன, மெழுகு வைத்து அடைத்து மேலே வண்ணம் பூசியிருந்தார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது ரசீதைக் காட்டச் சொன்னார்கள். அதில் "மர அலமாரி" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. "முழுத் தேக்கு" என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதத் தயங்கினால் அந்த விலைக்கு வாங்காதீர்கள்.